கம்பெனி முழுக்க ஒரே 12%: காத்தாலை நிக்குது, நூற்பாலைக்கே பணம் போகுது. இது சரியா?

நூல்கண்டு:
வணக்கங்க. கோவைப் பக்கம் ஒரு குழுமத்தில் நிதிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பேர் வேண்டாம். நூற்பாலை, காத்தாலை, பம்புக்கு வார்ப்படம் ஊத்துற ஃபவுண்டரி என்று மூணு தொழில், எல்லாம் ஒரே லிஸ்டட் கம்பெனிக்குள். மதிப்பில் பார்த்தா தோராயமா 50:30:20.

எந்தப் புது முதலீடா இருந்தாலும் தாண்ட வேண்டிய குறைந்தபட்ச வருமானம், அதாவது ஹர்டில் ரேட், 12%. கடனுக்கும் ஷேருக்கும் சேர்த்து கம்பெனிக்கு ஆகிற சராசரி விலை, அதாவது வாக், அதுதான், போர்டு ஒப்புதல் கொடுத்தது. இந்த வருஷம் மேஜைக்கு ரெண்டு திட்டம் வந்தது, ரெண்டுமே 60 கோடி. காத்தாலை வருஷம் 7.35 கோடி கொடுக்கும், 20 வருஷம். போட்ட பணத்துக்கு வருஷா வருஷம் வர்ற வருமான விகிதம், அதாவது ஐஆர்ஆர், 10.6%. நூற்பாலை விரிவாக்கம் வருஷம் 10 கோடி, 12 வருஷம். ஐஆர்ஆர் 12.7%. முதலாவது தள்ளுபடி, ரெண்டாவது பாஸ்.

காத்தாலைத் திட்டம் இப்படி அடிபடுறது இது மூணாவது தடவை. அந்தப் பிரிவுத் தலைவர் மீட்டிங் முடிஞ்சு வெளியே வந்து, "நான் சம்பாதிக்கிற காசுலதான் அவங்க ஸ்பிண்டில் வாங்குறாங்க, எனக்கு ஒரு டவர் நட முடியல" என்றார். அவர் பொருமுறதில் நியாயம் இருக்கா, இல்ல தோத்தவர் பேச்சா?

ஓய்வுபெற்ற பேங்க்கர்:
தம்பி, கம்பெனி வாங்குற கடன் ஒண்ணு, வட்டி ஒண்ணு, ஷேர் ஒண்ணு. பணம் எல்லாம் ஒரே குடத்தில் விழுது. குடத்துத் தண்ணிக்கு மூணு விலை எப்படி இருக்க முடியும்? 12.7 சம்பாதிக்கிறதை விட்டுட்டு 10.6க்குப் போடச் சொன்னா எந்த போர்டும் ஒத்துக்காது. 32 வருஷம் கிரெடிட் பார்த்தவன் சொல்றேன்.

எஸ்ஐபி முருகன்:
10.6% எல்லாம் ரொம்பக் கம்மிங்க. இண்டெக்ஸ் ஃபண்ட்லயே 12 வருது. பேசாம 60 கோடியையும் அதுல போட்டுட்டா வேலை முடிஞ்சுது.

சில்லறைக் கணக்கு:
முருகன், இண்டெக்ஸ் ஃபண்ட்ல இருக்கிற ஏற்ற இறக்கம் காத்தாலை வரவில் இருக்கா? இல்லேன்னா ரெண்டையும் ஒரே தராசுல ஏன் வைக்கணும்? நீங்க கேட்டது தப்பான கேள்வின்னாலும் இழையோட முடிச்சு அங்கதான் இருக்கு.

பேங்க்கர் சார், குடம் ஒண்ணுதான், மறுக்கலை. ஆனா உங்க பேங்க்ல இதே கம்பெனி காத்தாலைக்குத் தனியா 65% கடன் கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்க. நூற்பாலைக்கு மட்டும்னு அதே 65% கேட்டிருந்தா?

ஓய்வுபெற்ற பேங்க்கர்:
நூற்பாலைக்கு 65 கொடுக்க மாட்டேன். 35, மிஞ்சிப்போனா 40. அதுவும் கொலாட்டரல் பார்த்துத்தான்.

சில்லறைக் கணக்கு:
அவ்வளவுதான் சார், உங்க கையாலேயே ரெண்டு விலை போட்டுட்டீங்க. இன்னைக்கு அந்தக் கம்பெனிக்கு ஒரே வட்டி கிடைக்குதுன்னா, காத்தாலையோட நிலையான வரவைப் பார்த்து பேங்க் தைரியமா இருக்குன்னு அர்த்தம். அந்தத் தைரியத்தோட பலனை நூற்பாலை வாடகை கொடுக்காம அனுபவிக்குது. பணத்தோட விலை அது எங்கிருந்து வந்ததுங்கிறதைப் பொறுத்ததில்ல, எங்க போய் உட்காருதுங்கிறதைப் பொறுத்தது. பங்குதாரர் நாளைக்கே இந்த ஷேரை வித்துட்டு காத்தாலை மட்டும் நடத்துற ஒரு கம்பெனி ஷேரை வாங்கலாம். அங்க அவர் எதிர்பார்க்கிற வருமானம்தான் உங்க காத்தாலைக்கான விலை.

நூல்கண்டு, சந்தை ஆடும்போது ஷேர் எவ்வளவு ஆடுதுங்கிற பீட்டாவைப் பிரிவு பிரிவா எடுத்துப் பார்த்தீங்களா?

நூல்கண்டு:
எடுத்தேங்க மேடம், அங்கதான் குழம்பிட்டேன். ஆறு லிஸ்டட் நூற்பாலை, நாலு காத்தாலைக் கம்பெனி. ரெண்டு வருஷத் தினசரி விலை. கடன் பாதிப்பை எடுத்துட்டுப் பார்த்தா நூற்பாலைக்கு 0.5, காத்தாலைக்கும் கிட்டத்தட்ட அதே. சில மில்லுக்கு 0.3 கூட வருது. இதைக் கொண்டுபோய் போர்டுல வெச்சா, "பார், நூற்பாலை ரொம்ப சேஃப்"னு என்னையே திருப்பி அடிப்பாங்க.

சில்லறைக் கணக்கு:
0.3 பீட்டா உள்ள நூற்பாலையா? 2022 மே மாசம் பஞ்சு கண்டி ஒரு லட்சத்தைத் தாண்டினப்ப ஊர்ல எத்தனை மில் ஷிஃப்ட்டைக் குறைச்சாங்கன்னு பார்த்தவங்களுக்கு அந்த எண்ணைக் காட்டினா சிரிப்பாங்க. எண் சிரிப்பு மூட்டினா முதல்ல எண்ணைச் சந்தேகப்படணும்.

காரணம் சாதாரணமானது. சின்ன மில் ஷேர் பல நாள் வியாபாரமே ஆகாது. சந்தை திங்கட்கிழமை விழுந்தா இந்த ஷேர் புதன்கிழமைதான் விழும். தினசரிக் கணக்குல ரெண்டும் சேராது, பீட்டா குறைச்சலா வரும். வாராந்தர விலைக்கு மாறுங்க, மூணு வருஷம் போதும். இந்த வாரக் குறியீட்டோட போன வாரக் குறியீட்டையும் பக்கத்துப் பத்தியில் வெச்சு ஓட்டுங்க:

```
=LINEST(B3:B157,C3:D157)
```

Bல ஷேரோட வார வருமானம், Cல சந்தைக் குறியீட்டோட இந்த வார வருமானம், Dல அதோட போன வார வருமானம். வர மூணு எண்ல முதல் ரெண்டையும் கூட்டுங்க, அதுதான் பீட்டா. மூணாவது வெட்டுத்துண்டு, அதை விட்டுடுங்க.

இன்னொண்ணு. நீங்க எடுத்த ஆறு மில்லோட வருடாந்தர அறிக்கையைத் திறந்து, அவங்களுக்கே எத்தனை காத்தாடி இருக்குன்னு பாருங்க. நம்ம ஊர் மில்லுன்னா கண்டிப்பா இருக்கும். அப்ப நீங்க நூற்பாலை பீட்டான்னு நினைச்சு எடுத்தது கலப்படம்.

வார்ப்பட்டறை:
எங்க பட்டறையிலும் இதே கூத்துதான், ஆனா வேற மாதிரி. ஆட்டோ பார்ட்ஸ் பிரிவு ரிஸ்க்குன்னு சொல்லி நிதி மேனேஜர் ரேட்டுல 3% ஏத்தினார். அது போதாதுன்னு மார்க்கெட்டிங் ஆளு விற்பனையை 15% வெட்டினார். அப்புறம் எம்டி "ஸ்கிராப் விலை ஏறலாம்"னு லாபத்தைக் கொஞ்சம் கிள்ளினார். ஒரே பயத்துக்கு மூணு தடவை அபராதம். எந்தத் திட்டமும் பாஸாகல. ரெண்டு வருஷம் கழிச்சு அதே மெஷினைப் பக்கத்துப் பட்டறை வாங்கி ஓட்டுது. பிரிவுக்குப் பிரிவு ரேட் வெச்சா இந்த விளையாட்டு இன்னும் அதிகமாகும்னு எனக்குத் தோணுது.

சில்லறைக் கணக்கு:
நியாயமான பயம். ரேட்டுக்குள்ள போக வேண்டியது சந்தையோட சேர்ந்து ஆடுற ஆட்டம் மட்டும்தான். ஸ்கிராப் விலை, ஆர்டர் நழுவுறது, மின்வாரியம் பில்லை லேட்டா கொடுக்கிறது, இதெல்லாம் வரவுக் கணக்குல வரணும். காத்தாலைக்காரங்க எல்லாரும் "வாரியம் காசு தர லேட் பண்ணுது, அதனால 2% கூட்டு"ன்னு சொல்வாங்க. கூட்டாதீங்க. பணம் எட்டு மாசம் கழிச்சு வரும்னா எக்செல்ல எட்டு மாசம் தள்ளிப் போடுங்க. சந்தை விழுந்தாலும் எழுந்தாலும் அந்தத் தாமதம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நூல்கண்டு:
மேடம், ரெண்டு நாள் உட்கார்ந்து மறுபடி போட்டேன். நீங்க சொன்ன மாதிரியே ஆறுல மூணு மில்லுக்குக் காத்தாடி பெரிய அளவில் இருக்கு, அதையெல்லாம் தூக்கிட்டேன். வாராந்தர விலை, போன வாரப் பத்தி எல்லாம் சேர்த்ததும், கடன் நீக்கின பீட்டா நூற்பாலைக்கு 1.0, ஃபவுண்டரிக்கு 0.9, காத்தாலைக்கு 0.45.

அப்புறம் ஒவ்வொரு பிரிவும் தனியா நின்னா எவ்வளவு கடன் தாங்கும்னு பேங்க்கர் சார் பார்க்கிற மாதிரியே வெச்சுக்கிட்டேன்: நூற்பாலை 35%, ஃபவுண்டரி 30%, காத்தாலை 65%. அரசுப் பத்திரம் 7%, சந்தைப் பிரீமியம் 7%, வரி 25%. கடன் வட்டி காத்தாலைக்கு 9, மத்த ரெண்டுக்கும் 9.5.

வந்தது: நூற்பாலை 13.4, ஃபவுண்டரி 12.9, காத்தாலை 9.5. மூணையும் 50:30:20 எடையில் சேர்த்தா 12.1. போர்டோட 12க்குக் கிட்டத்தட்ட வந்து நிக்குது! இது தற்செயலா?

சில்லறைக் கணக்கு:
தற்செயல் இல்ல, அதுதான் சோதனை. பிரிவுகளோட ரேட்டை மதிப்பு எடையில் கூட்டினா கம்பெனி ரேட் வரணும். 14, 15ன்னு வந்திருந்தா எங்கயோ ரிஸ்க்கை ரெண்டு தடவை எண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம். புத்தக மதிப்பு எடையில் கூட்டாம இருந்தீங்களே, அதுவே பெரிய விஷயம்.

இப்ப அந்த ரெண்டு திட்டத்தையும் சொந்த ரேட்டுல போட்டுப் பாருங்க.

நூல்கண்டு:
போட்டேன். வரப்போற வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து முதலீட்டைக் கழிச்சா வர்ற என்பிவி, 12%ல காத்தாலைக்கு மைனஸ் 5.1 கோடி, நூற்பாலை ப்ளஸ் 1.9 கோடி. சொந்த ரேட்டுல காத்தாலை ப்ளஸ் 4.8 கோடி, நூற்பாலை மைனஸ் 1.9 கோடி.

அப்படியே தலைகீழ். 4.8ஐத் தள்ளிட்டு மைனஸ் 1.9ஐ எடுத்திருக்கோம். 60 கோடியில் ஒரே முடிவுல 6.7 கோடி போச்சு. கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு இருந்தேன்.

ஓய்வுபெற்ற பேங்க்கர்:
எண் சரியாத்தான் இருக்கு தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா ஒரு நடைமுறைக் கேள்வி. 12.7 வருமானம் 10.6ஐ விடப் பெரிசு. கையில ரொக்கமா அதிகம் வர்றது நூற்பாலைதானே? டிவிடெண்டு ரொக்கத்துலதான் கொடுக்கணும், பீட்டாவுல கொடுக்க முடியாது.

சில்லறைக் கணக்கு:
ரொக்கம் அதிகம் வரும், சராசரியா. அந்தச் சராசரிக்குள்ள 2022 மாதிரி ஒரு வருஷமும் இருக்கு சார். சந்தையே படுத்திருக்கிற வருஷத்துல மில்லும் படுத்தா, அந்த வருஷம் வராம போற ரூபாய்க்கு மதிப்பு அதிகம். அதுக்குக் கூலிதான் கூடுதல் 3.9%.

நூல்கண்டு, இதுல மெதுவா கொல்ற பகுதி ஒண்ணு இருக்கு. இப்படியே அஞ்சாறு வருஷம் நூற்பாலைக்கே பணம் போய், பங்கு 65:15:20 ஆயிடுச்சுன்னு வைங்க. கம்பெனி ரேட் என்ன ஆகும்?

நூல்கண்டு:
12.7ங்க. அப்ப காத்தாலைக்கு இன்னும் உயரமான வேலி. ஏற்கனவே 12 தாண்டாததை 12.7 தாண்டச் சொல்வோம். நூற்பாலைக்கோ 12.7 இன்னும் அதோட நிஜ விலைக்குக் கீழதான்.

சில்லறைக் கணக்கு:
ஆமா. யாரும் "நூற்பாலைக் கம்பெனியா மாறுவோம்"னு தீர்மானம் போட மாட்டாங்க. வருஷா வருஷம் ஒரு எக்செல் ஷீட் அந்தப் பக்கம் நகர்த்தும். வெளியில இருந்து கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. தள்ளுபடியான ஃபைலை எல்லாம் எடுத்து, 12க்குச் சற்றுக் கீழ நின்னது எந்தப் பிரிவு, சற்று மேல ஏறினது எந்தப் பிரிவுன்னு பாருங்க. எப்பவும் ஒரே பிரிவு கீழயும் ஒரே பிரிவு மேலயும் இருந்தா குறை திட்டத்துல இல்ல, வேலியில.

தாளமுத்து:
இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்ல. 2001ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுக்காக 392 நிதித் தலைவர்களிடம் கேட்டப்ப, வெளிநாட்டுச் சந்தையில் புதுத் திட்டம் போட்டாலும் கம்பெனி ரேட்டையே வெச்சுப் பார்ப்போம்னு பத்தில் ஆறு பேர் சொன்னாங்க. கிரகாம், ஹார்வி என்ற ரெண்டு பேராசிரியர்கள் எடுத்த சர்வே. 2015ல் வந்த இன்னொரு ஆய்வு இதன் விளைவைக் காட்டுச்சு: மூலத் தொழிலை விட ரிஸ்க் அதிகமான பிரிவுகளில் பல தொழில் நடத்துற கம்பெனிகள் தேவைக்கு மேல முதலீடு பண்றாங்க.

ஐடிசியும் இதே கதைதான். சிகரெட் காசுல ஓட்டல் கட்டினாங்க, கடைசியில 2025 ஜனவரியில் பிரிச்சுட்டாங்க.

சில்லறைக் கணக்கு:
முதல் பத்தி சரி. ஐடிசி உதாரணம் கொஞ்சம் அவசரம். ஒரு தொழிலோட காசு இன்னொண்ணுக்குப் போறதே தப்பில்ல, அதுக்குத்தானே குழுமம். போற இடத்தோட விலையைக் கேக்காம அனுப்புறதுதான் தப்பு. பிரிச்சாங்கங்கிறதை வெச்சு உள்ளே ஒரே ரேட் வெச்சாங்கன்னு முடிவு கட்ட முடியாது. ஆனா பிரிச்சதால ஒரு நன்மை, இனிமே ஓட்டலுக்குத் தனி ஷேர் விலை, தனி பீட்டா.

பீளமேடு பீட்டா:
காத்தாலை 9.5 என்பதிலேயே எனக்கு ஒரு சந்தேகம். 65% கடன் வெச்சுட்டு, கடனுக்கு ரிஸ்க்கே இல்லேன்னு சூத்திரம் எடுத்துக்குது. ஆனா அதே கடனுக்கு 9% வட்டி போட்டிருக்கீங்க, அரசுப் பத்திரம் 7. கடனும் கொஞ்சம் ரிஸ்க்கைச் சுமக்குதுன்னு வெச்சா ஈக்விட்டி பீட்டா குறையும், ரேட் 8.5க்கே வந்துடும்.

சில்லறைக் கணக்கு:
சரியான கேள்வி, பாதிதான். கடனைச் சேர்க்கும்போது மட்டும் அந்தத் திருத்தம் பண்ணினா 8.5. முதல்ல நாலு காத்தாலைக் கம்பெனியோட பீட்டாவுல இருந்து கடனை நீக்கும்போதும் அதே திருத்தம் பண்ணணும். அவங்களுக்கும் 65% பக்கத்துல கடன் இருந்தா, எடுத்ததும் வெச்சதும் சரியாப் போயிடும். அதனாலதான் ஒரே மாதிரி கடன் அளவு உள்ள கம்பெனியாத் தேடணும்னு சொல்றது. சூத்திரத்தோட சண்டை போடுற நேரம் மிச்சம்.

நூல்கண்டு, அந்த நாலு கம்பெனியும் மின்சாரத்தை யாருக்கு விக்கிறாங்க?

நூல்கண்டு:
நீண்டகால ஒப்பந்தம், 25 வருஷம், நிலையான விலை. எங்க பழைய காத்தாடியும் வாரியத்துக்குத்தான்.

சில்லறைக் கணக்கு:
புதுத் திட்டம்?

நூல்கண்டு:
அது கேப்டிவ். முழுக்க எங்க மில்லுக்கே.

சில்லறைக் கணக்கு:
இதை முதல் பதிவுலயே சொல்லியிருக்கணும் தம்பி!

ஓய்வுபெற்ற பேங்க்கர்:
ஹா! அதான் நான் அப்பவே ஒரே குடம்னு சொன்னேன்.

சில்லறைக் கணக்கு:
சார், இந்த ஒரு இடத்துல உங்க குடம் ஜெயிக்குது. வேற காரணத்துக்கு.

7.35 கோடி வருமானம்னு சொல்றது வாரியத்துகிட்ட வாங்காம மிச்சம் பிடிக்கிற மின்கட்டணம். மில் ஓடினாத்தான் மிச்சம். நூல் விலை விழுந்து மூணு ஷிஃப்ட் ரெண்டானா, காத்து அடிச்சாலும் அந்த யூனிட்டுக்கு வீட்டுக்குள்ள ஆள் இல்ல. கேப்டிவ் விதிப்படி உற்பத்தியில் 51% சொந்தமா உபயோகிக்கணும். மில் ரொம்பப் படுத்து அதுக்குக் கீழ போனா கேப்டிவ் தகுதியே போயிடும், கிராஸ் சப்சிடி சர்சார்ஜ்ங்கிற கூடுதல் கட்டணம் வந்து உட்காரும். ஆக இந்தக் காத்தாடியோட ஒரு பகுதி உடம்பு நூற்பாலை. ஒப்பந்த விலையில் விக்கிற கம்பெனியோட 0.45ஐ அப்படியே ஒட்ட முடியாது.

நூல்கண்டு:
அப்ப 13.4% போடணுமா? அப்படின்னா திட்டம் செத்துச்சு.

சில்லறைக் கணக்கு:
முழுசா வேண்டாம். வரவைப் பிரிங்க. மில் எவ்வளவு மோசமா ஓடினாலும் இழுக்கிற அளவு ஒண்ணு இருக்கும். காத்தாலை உற்பத்தியில் 70% அந்த அளவுக்குள்ள அடங்கும்னு வைங்க. அந்த 70% வரவை 9.5% ரேட்டுல இன்றைய மதிப்புக்குக் கொண்டுவாங்க. மேல இருக்கிற 30% வரவை 13.4% ரேட்டுல கொண்டுவாங்க. ரேட்டைச் சராசரி பண்ணாதீங்க, 20 வருஷத்துல வித்தியாசம் வரும்.

நூல்கண்டு:
70:30ல ப்ளஸ் 46 லட்சம். சும்மா 60:40 போட்டுப் பார்த்தேன், மைனஸ் 97 லட்சம். முந்தாநாள் 4.8 கோடின்னு போர்டுக்கு மெயிலே எழுதி வெச்சிருந்தேன், நல்லவேளை அனுப்பல.

வார்ப்பட்டறை:
நானும் காத்தாடி வெச்சிருக்கேன், ஒண்ணு சொல்லவா? மில் எடுக்காத யூனிட் காத்துல போயிடாது. கம்மி விலைக்காவது வெளியே போகும். அப்ப மில்லோட ரிஸ்க்ல இருக்கிறது அந்த 30% முழுசும் இல்ல, நீங்க மிச்சம் பிடிக்கிற கட்டணத்துக்கும் வெளியே கிடைக்கிற விலைக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் மட்டும்தான்.

பீளமேடு பீட்டா:
அதுக்கு ஒப்பந்தம் கையில இருக்கணும். கிரிட் எடுக்கும்னு நம்பி 20 வருஷக் கணக்குப் போட முடியுமா? மில் படுக்கிறதும் காத்து சீசனும் ஒண்ணா வந்தா, மே முதல் செப்டம்பர் வரை ஊர்ல எல்லாருமே விக்கத்தான் நிப்பாங்க.

சில்லறைக் கணக்கு:
ரெண்டு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. வார்ப்பட்டறை சொல்ற வழியில போனா என்பிவி மேல ஏறும். எவ்வளவுங்கிறது அந்த வெளி விலையைப் பொறுத்தது, அதை எழுத்துல வாங்காம நான் கணக்குல சேர்க்க மாட்டேன். நூற்பாலைத் திட்டத்துக்கு மைனஸ் 1.9 மாறல, அதை மட்டும் கவனிச்சுக்கோங்க.

நூல்கண்டு:
மில்லோட மாசாந்தர யூனிட் ரெஜிஸ்டர் எலக்ட்ரிகல் ரூம்ல இருக்கு. 2020 லாக்டவுன் மாசங்களையும் 2022–23ஐயும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கேன். காத்து சீசன் மாசங்களைத் தனியாப் பார்க்கணும். திங்கட்கிழமை கிடைக்கும்னு ஃபோர்மேன் அண்ணன் சொன்னார். வந்ததும் இங்கயே போடுறேன்.

எஸ்ஐபி முருகன்:
நானும் வெயிட்டிங். அப்படியே லிஸ்டட் காத்தாலை ஷேர் எது வாங்கலாம்னும் சொல்லிடுங்க.